எஞ்சின் ஓடுகிறது, வோல்ற்றேஜ் நிற்கவில்லை: சிறிய பெற்றோல் ஜெனரேற்றர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் சிறிய எஞ்சின்கள் திருத்துவது என் தொழில். மின்வெட்டு வந்த மறுநாள் காலையில் கடை வாசலில் நிற்கும் ஜெனரேற்றர்களில் பாதிக்கு மேல் ஸ்டார்ட் ஆகக்கூடியவைதான். ஓடும், ஆனால் கொடுக்கும் மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வீடுகளிலும் சிறு கடைகளிலும் அதிகம் இருக்கும் இரண்டு, மூன்று கிலோவாற் அளவிலான, வோல்ற்றேஜை ஒரு கபசிற்றரின் துணையால் உண்டாக்கும் கபசிற்றர் வகையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன்.

நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. ஆனால் வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வோல்ற்றைப் பார்ப்பதற்கு முன் ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்பதைப் பாருங்கள். பிளக்கில் செருகினால் இரண்டையும் ஒன்றாகக் காட்டும் சிறிய மீற்றர் புறக்கோட்டையில் கிடைக்கிறது. ஹேர்ட்ஸ் காட்டும் மல்டிமீற்றர் இருந்தால் அதுவும் போதும். இந்த வகை ஜெனரேற்றரில் எஞ்சின் ஒரு நிமிடத்தில் 3000 முறை சுற்றினால் 50 ஹேர்ட்ஸ் வரும். ஆகவே ஹேர்ட்ஸை 60ஆல் பெருக்கினால் எஞ்சினின் வேகம் கிடைத்துவிடும். எஞ்சினைத் தொடாமலே அது எப்படி ஓடுகிறது என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது.

எதையும் இணைக்காமல் ஓடவிட்டு ஒரு நிமிடம் மீற்றரையே கவனியுங்கள். ஹேர்ட்ஸும் வோல்ற்றும் சேர்ந்து ஏறி இறங்கினால் பழுது எஞ்சின் பக்கம்: பெற்றோல், காற்று, எஞ்சின் வேகத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும் கவர்னர் ஆகியவற்றில் ஒன்று. ஹேர்ட்ஸ் அசையாமல் நிற்க வோல்ற் மட்டும் குறைந்தோ அலைந்தோ இருந்தால் பழுது மின்பக்கம். இரண்டும் சரியாக நின்று, எதையாவது இணைத்தவுடன் குலைந்தால் இணைத்த பொருளையும் எஞ்சினின் வலுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கபசிற்றரை மாற்றி, பிறகு காபரேற்றரை மாற்றி, கடைசியில் என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. அந்தப் பணத்தில் பாதி வீண்.

கபசிற்றர் வகையில் வேகம் சிறிது மாறினாலும் வோல்ற்றேஜ் அதைவிடக் கூடுதலாக மாறும். வேகம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் வோல்ற்றேஜ் ஏறத்தாழ இருபது குறையும். எஞ்சின் சத்தத்தில் நமக்கு மெல்லிதாகவே கேட்கும் ஏற்ற இறக்கம், குமிழில் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குத் தெரிவது அதனால்தான்.

என்னுடையது கபசிற்றர் வகையா, ஏ.வி.ஆர். வகையா?

எஞ்சினை நிறுத்தி, அது இருக்கும் பக்கத்துக்கு எதிர்முனையிலுள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு வயர் போகும் உருளை அல்லது சதுரப் பெட்டி ஒன்று இருந்து, அதன்மேல் மைக்ரோபரட் அளவு எழுதியிருந்தால் கபசிற்றர் வகை. பிசின் ஊற்றி அடைத்த தட்டையான துண்டு ஒன்றும், சுழலும் தண்டில் உரசும் இரண்டு கரித்துண்டுகளும் இருந்தால், வோல்ற்றேஜைத் தானாகவே சரிசெய்யும் ஏ.வி.ஆர். வகை. சூட்கேஸ் போல மூடிய உடலும், சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் எஞ்சினும் உள்ள இன்வேர்ட்டர் வகைக்கு இங்கே சொல்வது பொருந்தாது.

காதால் கேட்டாலே எஞ்சின் ஏறி இறங்குவது தெரிகிறது. கவர்னர் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கவர்னர் தன் வேலையைச் செய்வதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில், பெற்றோல் வரும் நுண்துளையான சிறிய ஜெட் அடைபட்டால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமல் வேகம் விழுகிறது. கவர்னர் அதை உணர்ந்து, எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைத் திறக்கிறது. திறந்ததும் பெரிய ஜெட்டிலிருந்து பெற்றோல் வர, வேகம் எகிறுகிறது. கவர்னர் திரும்ப மூடுகிறது, எஞ்சின் மறுபடியும் பட்டினி கிடக்கிறது. ஊஞ்சல் போல இது ஓயாமல் நடக்கும்.

உறுதிப்படுத்த ஒரு கருவியும் வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கை மெதுவாகப் பாதி மூடுங்கள். ஏற்ற இறக்கம் அடங்கி எஞ்சின் சீராக ஓடினால் பெற்றோல் போதவில்லை என்பது தெளிவு. சோக் காற்றைக் குறைத்ததால் கலவை சரியாகிவிட்டது. அப்படியே பாதி சோக்கில் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுமை ஏறியதும் கரும்புகை தள்ளும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும்.

சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. பெற்றோல் குழாயை மூடி, காபரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ பசை படிந்திருந்தால் தேடியது கிடைத்துவிட்டது. நடுவே நிமிர்ந்து நிற்பது பெரிய ஜெட், சுமையில் ஓடும்போது வேலை செய்வது. சுமையில்லாமல் ஓடும்போது பெற்றோல் கொடுப்பது பக்கவாட்டில் அல்லது மேலே இருக்கும் சிறிய ஜெட். பல காபரேற்றர்களில் ஐட்லிங் ஸ்குரூவைக் கழற்றினால் அதன் கீழே பிளாஸ்ரிக் தலையுடன் அது இருக்கும், மெதுவாக நெம்பி எடுக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தலைமயிரைவிடச் சற்றே பெரிய வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்வயரிலிருந்து ஒரேயொரு மெல்லிய செப்பு இழையை உருவி அதனால் குத்தி, காபரேற்றர் கிளீனர் அடித்து ஊதுங்கள். தையல் ஊசியைக் கொண்டு குத்த வேண்டாம். துளை பெருத்தால் அந்த ஜெட் அதோடு முடிந்தது.

ஜெட்டைச் சுத்தம் செய்தும் அலைகிறது. இப்போது கவர்னரைத் தொடலாமா?

அதற்கு முன் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கெட். அது கிழிந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஜெட் அடைபட்டதுபோலவே நடிக்கும். மற்றது, கவர்னர் கையையும் த்ரொட்டிலையும் இணைக்கும் கம்பியோடு ஓடும் மிக மெல்லிய ஸ்பிரிங். கம்பி அதன் துளையில் ஆடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. காபரேற்றரைக் கழற்றும்போது இது தெறித்து விழுந்து, யாரும் கவனிக்காமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் எஞ்சின் நடுங்கிக்கொண்டே இருக்கும். பெரிய ஸ்பிரிங்கை யாராவது வேறு துளைக்கு மாற்றி மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

இவை சரியென்றால் கவர்னர் கையின் அமைப்பைப் பார்க்கலாம். எஞ்சின் நிற்கும்போது, எஞ்சின் உடலிலிருந்து வெளியே வரும் சிறிய தண்டில் கவர்னர் கையை இறுக்கும் நட்டைத் தளர்த்துங்கள். த்ரொட்டில் முழுவதும் திறக்கும்வரை கையை நகர்த்திப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதே பக்கமாகத் தண்டையும் குறட்டால் முடிந்தவரை திருப்பி, அந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். மறுபக்கம் திருப்பி இறுக்கினால் கவர்னருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தவே முடியாமல் போகும். ஆகவே முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நிறுத்தும் சுவிட்சில் கை இருக்கட்டும். ஒன்றையும் ஜெனரேற்றரில் செருகியிருக்கக் கூடாது.

வோல்ற்றேஜ் குறைவாக இருக்கிறது. வேக ஸ்குரூவைத் திருகிக் கூட்டிவிட்டால் என்ன?

அந்த ஸ்குரூ ஹேர்ட்ஸுக்கு உரியது. சுமையில்லாதபோது 52 ஹேர்ட்ஸ் அளவில் வைத்தால், முழுச் சுமையில் 50க்கு அருகே இறங்கி நிற்கும். சுமைக்கேற்ப இரண்டு மூன்று ஹேர்ட்ஸ் இறங்குவது இந்தக் கவர்னரின் இயல்பு, பழுதல்ல. மீற்றரில் 52 இருந்தும் வோல்ற் குறைவென்றால் ஸ்குரூவைத் தொடவே கூடாது. பலவீனமான கபசிற்றரை வேகத்தால் ஈடுகட்டி 57, 58 ஹேர்ட்ஸில் ஓடிய ஜெனரேற்றர்கள் வந்திருக்கின்றன. அதே வேகத்தில் புதிய கபசிற்றரைப் போட்டால் 280 வோல்ற்றுக்கும் மேலே போய், வீட்டிலுள்ள சார்ஜர்களும் குமிழ்களும் ஒரே நேரத்தில் எரிந்துவிடும். கபசிற்றர் மாற்றிய பிறகு முதலில் ஹேர்ட்ஸையும் வோல்ற்றையும் பார்த்துவிட்டே எதையும் செருகுங்கள்.

கபசிற்றர் கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது? பெரியதாகப் போட்டால் கூடுதல் வலு கிடைக்குமா?

எஞ்சின் சீராக, சரியான ஹேர்ட்ஸில் ஓடியும் வோல்ற் 150, 190 என்று தாழ்ந்திருப்பதும், சுமை ஏறியதும் இன்னும் சரிவதும் அதன் அடையாளம். இது வெடித்துச் சாவது குறைவு, பெரும்பாலும் உள்ளுக்குள் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். வெளியே பார்த்தால் புதியதுபோல இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியையும் கழற்றிவையுங்கள். கபசிற்றரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, வயர் பொருத்திய பழைய இழைக் குமிழ் ஒன்றைச் சில நொடிகள் தொடவைத்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். அதன் பிறகு வயரைக் கழற்றி, கபசிற்றர் அளக்கும் மீற்றரால் பாருங்கள். மேலே எழுதியிருக்கும் அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்து கூடக் குறைய இருக்கலாம். அதற்கும் கீழே போனால் மாற்றுங்கள்.

அதே மைக்ரோபரட் அளவு, அதே அல்லது அதற்கும் கூடிய வோல்ற் தாங்கும் திறன், மோட்டார் ஓடும்போது தொடர்ந்து இணைப்பில் இருக்கும் ‘ரன்’ வகை ஆகிய மூன்றையும் கடையில் கேட்டு வாங்குங்கள். மோட்டார் ஸ்டார்ட் செய்வதற்கான கறுப்பு உருளையைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். அது சில நொடி வேலைக்கானது, ஜெனரேற்றரில் போட்டால் சூடாகி வெடிக்கும். அளவில் பெரியதைப் போட்டால் வோல்ற்றேஜ் கூடும், வலு கூடாது. கபசிற்றருக்கு இணைந்த கம்பிச்சுற்றில் மின்னோட்டம் அளவுக்கு மேல் ஓடி அது கருகும். அந்தச் சுற்றைத் திரும்பச் சுற்றுவதற்கு ஆகும் செலவில் பல கபசிற்றர்கள் வாங்கிவிடலாம்.

கபசிற்றர் சரியாக இருந்தும் வோல்ற் தாழ்ந்திருந்தால் சுழலும் பகுதியிலுள்ள டயோட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். அது கம்பி சுற்றுகிறவரின் வேலை.

முழுவதுமாக ஒரு ஜெனரேற்றரை எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனது, அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. அந்த வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தையல் கடைக்காரர் வந்தார். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் போன காலத்தில் வாங்கிய இரண்டு கிலோவாற் கபசிற்றர் வகை. வரிசையில் நின்று எடுத்த பெற்றோலை வீணாக்க மனமில்லாமல் தாங்கியிலேயே விட்டு, துணி போட்டு மூடி வைத்திருந்தார். “தம்பி, தையல் மெசின் வெளிச்சம் மூச்சு விடுவதுபோல வந்து வந்து போகிறது” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

சுமையில்லாமல் ஓடவிட்டேன். ஹேர்ட்ஸ் 46க்கும் 54க்கும் இடையே ஆடியது, கூடவே வோல்ற் 155க்கும் 212க்கும் இடையே ஆடியது. இரண்டும் சேர்ந்து ஆடுவதால் எஞ்சின் பக்கம் என்று தெரிந்தது. ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 54 ஹேர்ட்ஸில்கூட 212 வோல்ற்தான் வருகிறது. அந்த வேகத்தில் 250க்கு மேலே போயிருக்க வேண்டும். ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது.

சோக்கைப் பாதி மூடியதும் எஞ்சின் அடங்கியது. கிண்ணத்தைக் கழற்றினேன். பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணத்தது. சிறிய ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. சுத்தம் செய்து பூட்டி, புதிய பெற்றோல் ஊற்றியதும் ஹேர்ட்ஸ் 52இல் ஊன்றி நின்றது. வோல்ற்றும் ஆடாமல் நின்றது, ஆனால் 198இல்.

அவருடைய ஆயிரம் வாற் ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகினேன். வோல்ற் 165க்கு விழுந்தது, ஹேர்ட்ஸ் 51.4க்கு மட்டுமே இறங்கியது. ‘எஞ்சின் சுமையை நன்றாகத் தாங்குகிறதே’ என்று இங்கே ஏமாந்துவிடக் கூடாது. 165 வோல்ற்றில் அந்தப் பெட்டி ஆயிரம் வாற் எடுப்பதில்லை, ஏறத்தாழ அதில் பாதிதான் எடுக்கிறது. எஞ்சின்மேல் உண்மையான சுமை இன்னும் ஏறவில்லை.

கபசிற்றரில் 20 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது, மீற்றர் 14.5 காட்டியது. அதே அளவில் புதியதைப் போட்டேன். சுமையில்லாமல் 52 ஹேர்ட்ஸ், 238 வோல்ற். ஸ்திரிக்கைப் பெட்டியுடன் 50.8 ஹேர்ட்ஸ், 224 வோல்ற். இப்போது ஹேர்ட்ஸ் முன்பைவிடக் கூடுதலாக இறங்கியதைக் கவனியுங்கள். பெட்டி இப்போதுதான் தன் முழு மின்சாரத்தை எடுக்கிறது. கவர்னரை நான் தொடவேயில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் சரி. குளிர்சாதனப்பெட்டியோ தண்ணீர் மோட்டாரோ தொடங்கும்போது மட்டும் எல்லாம் மங்கிவிடுகிறது.

மோட்டார் கிளம்பும் ஓரிரு நொடியில் ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அந்த நேரத்தில் கபசிற்றர் வகை மற்ற வகைகளைவிட அதிகமாகச் சரியும். வெளிச்சம் ஒரு நொடி மங்கித் திரும்பினால் கவலையில்லை. மோட்டார் கிளம்பாமல் ஹும் என்று உறுமிக்கொண்டே நின்றால் உடனே நிறுத்துங்கள், சில நிமிடங்களில் அதன் சுற்றுக் கருகிவிடும்.

வரிசையை மாற்றினாலே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. மோட்டாரை முதலில், தனியாகக் கிளப்புங்கள். அது ஓடி நிலைத்த பிறகு மின்குமிழ், மின்விசிறி. குளிர்சாதனப்பெட்டி தானாகவே நின்று நின்று கிளம்பும் என்பதால் அதற்கான இடத்தை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். ஜெனரேற்றரின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது சிறிது நேரமே தாங்கும் உச்ச அளவு. உடலில் ஒட்டிய தகட்டில் தொடர்ந்து தாங்கும் அளவு அதைவிடக் குறைவாக இருக்கும். கணக்கைத் தகட்டிலுள்ள அளவை வைத்தே போடுங்கள்.

அரைக் குதிரைவலு மோட்டாரைக்கூட இரண்டு கிலோவாற் ஜெனரேற்றர் கிளப்பவில்லை என்றால், மோட்டாரின் சொந்தக் கபசிற்றரையும் ஒருமுறை அளந்து பாருங்கள். அது தேய்ந்திருந்தால் வீட்டு மின்சாரத்தில் முக்கி முனகியாவது கிளம்பும், ஜெனரேற்றரில் கிளம்பாது.

எல்.ஈ.டி. குமிழ்கள் மட்டும் போட்டால் துடிக்கின்றன. யூ.பி.எஸ்.ஸும் ஜெனரேற்றர் மின்சாரத்தை ஏற்க மறுக்கிறது.

நான்கு எல்.ஈ.டி. குமிழ்கள் என்பது எஞ்சினுக்குச் சுமையே அல்ல. அவ்வளவு இலகுவாக ஓடும்போது சிறிய அலைவும் வெளியே தெரியும். நூறு வாற் இழைக் குமிழ் ஒன்றைச் சேர்த்து எரித்துப் பாருங்கள், பல வேளை அடங்கிவிடும். யூ.பி.எஸ். தன் எல்லைக்குள் ஹேர்ட்ஸ் நிற்காவிட்டால் மறுத்துவிடும். 52ஐ 51க்கு இறக்கியதும் ஏற்றுக்கொண்டவை உண்டு. மலிவான கபசிற்றர் ஜெனரேற்றரின் அலைவடிவமே கோணலாக இருப்பதால் சில யூ.பி.எஸ். ஒருபோதும் ஏற்காது. அவற்றுக்கு இன்வேர்ட்டர் வகை ஜெனரேற்றர்தான் வழி.

என்னுடையது ஏ.வி.ஆர். வகை. ஹேர்ட்ஸ் நிற்கிறது, வோல்ற் துள்ளுகிறது.

கரித்துண்டுகளை முதலில் பாருங்கள். தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது அவை உரசும் வளையங்கள் கறுத்திருக்கும். கரியை மாற்றி, வளையத்தை மிக மென்மையான உப்புத்தாளால் மினுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். அதன் பிறகும் துள்ளினால் ஏ.வி.ஆர். துண்டை மாற்றுங்கள்.

சோதிக்கும்போது பல்கனியில் வைத்து ஓட்டலாமா? இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் வீட்டுக்குக் கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. தொடர்மாடியின் பல்கனியிலிருந்து புகை உங்கள் அறைக்கும் மேல்வீட்டுக்கும் போகும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். திறந்த முற்றத்தில், கதவு, ஜன்னல்களிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். இரட்டைப் பிளக் வயரின் மறுமுனையைக் கழற்றினால் வெறும் ஊசிகளில் 230 வோல்ற் நிற்கும். பிரதான சுவிட்ச் போட்டபடி இருந்தால் அந்த மின்சாரம் தெருவுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரைத் தாக்கும். வீட்டு வயரிங்குக்குக் கொடுக்க வேண்டுமானால் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் பொருத்துங்கள்.

சரிசெய்த பிறகு மறுபடியும் ஜெட் அடைபடாமல் இருக்க?

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் சுவிட்சால் நிறுத்தாமல், சுமைகளைக் கழற்றிவிட்டுப் பெற்றோல் குழாயை மூடுங்கள். கிண்ணத்திலுள்ளது தீர்ந்து எஞ்சின் தானாகவே நிற்கும். நிற்பதற்கு முன் வேகம் தள்ளாடும் என்பதால் அந்த நேரத்தில் எதுவும் செருகியிருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் தேவையில்லை என்று தெரிந்தால் தாங்கியையும் வடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கால் மணி நேரம், ஸ்திரிக்கைப் பெட்டி போன்ற ஒரு சுமையுடன் ஓட்டி, ஹேர்ட்ஸையும் வோல்ற்றையும் ஜெனரேற்றரின் மூடியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். அந்தத் தையல் கடைக்காரரின் மூடியில் இப்போது ஒரு வரிசை எண்கள் இருக்கின்றன. வோல்ற் கீழே இறங்கத் தொடங்கும் மாதத்தில் அவர் கபசிற்றரை அளக்கச் சொல்லிக் கொண்டுவருவார்.